'ஸ்' முன்னால் வந்தும் மூச்சு வெடிக்கிறதே: எப்படிக் குறிப்பது?

ஆங்கிலச் சொற்களை நுணுக்கமாக ஒலிக்குறியில் எழுதும்போது ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

'பில்' [pʰɪl] என்னும்போது p-க்குப் பின் மூச்சு வெடிக்கும், 'ஸ்பில்' [spɪl] போல முன்னால் 'ஸ்' வந்தால் வெடிக்காது; இதுவரை சரி. பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் அளந்தால், உதடு திறந்தபின் குரல் தொடங்க முதலாவதில் சுமார் 60 மில்லிசெகண்ட், இரண்டாவதில் 10தான். 'ஸ்'ஸை வெட்டிவிட்டுக் கேட்டால் மீதி [bɪl] போலவே ஒலிக்கிறது!

அப்புறம்தான் குழப்பம். 'மிஸ்டேக்', 'மிஸ்டைம்' இரண்டிலும் 'ஸ்' உண்டு, அழுத்தமும் இரண்டாம் அசையில்தான். ஆனால் மிஸ்டைமில் மட்டும் மூச்சு தெளிவாகக் கேட்கிறது. [mɪ.steɪk], [mɪs.tʰaɪm] என்று அசை பிரித்தால் விளங்குகிறது, 'மிஸ்' அங்கே தனி முன்னொட்டு.

'டிஸ்கலர்' மட்டும் பிடிபடவில்லை. மெதுவாக, வேகமாக, வெவ்வேறு ஆட்களை வைத்துப் பதிந்து பார்த்தேன். ஒருவருக்கு மூச்சு வருகிறது, இன்னொருவருக்கு இல்லை.

இப்படி முன்னொட்டு பாதி ஒட்டிப்போன சொற்களில் அசை எல்லையை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?