படுத்த படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு லைஃப் சர்டிபிகேட்: கைரேகை விழவில்லை, என்ன செய்வது?

செல்வி, உசிலம்பட்டி பக்கம் (நவம்பர் 19)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ரயில்வேயில் மதுரைக் கோட்டத்தில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. அம்மாவுக்கு 83 வயது, குடும்ப ஓய்வூதியம் வங்கி வழியாக வருகிறது. ஜூன் மாதம் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. வலது கண் இமையும் கொஞ்சம் தொங்கிப்போய் இருக்கிறது. ஆள் தெரிகிறது, பேச்சு குழறுகிறது.

ஆள் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் இந்தச் சான்றுக்காகப் போன வருடம் வரைக்கும் நவம்பரில் ஆட்டோவில் கூட்டிப்போய் வங்கியில் கையெழுத்துப் போட வைத்தோம். இந்த வருடம் கட்டிலை விட்டு இறக்கவே முடியாது. அதனால் 70 ரூபாய் கட்டணத்துக்கு வீட்டுக்கே வந்து சான்று எடுத்துத் தரும் தபால்காரரைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர், பொறுமையாக இடது கையின் எல்லா விரலையும் வைத்துப் பார்த்தார், வலது கையையும் தூக்கி வைத்துப் பார்த்தார். ஆறு தடவையும் 300 என்று ஒரு பிழை வந்தது. வயசான விரல், ரேகையே தேய்ந்துவிட்டது என்றார்.

வங்கிக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர், ஆம்புலன்ஸ் வைத்தாவது அழைத்து வாருங்கள் என்றார். வாசல் வரை வந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாதம் முடிய இன்னும் 11 நாள்தான். டிசம்பரில் பணம் நின்றுவிட்டால் மருந்துக்கும், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் சம்பளம் கொடுக்க வழியில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

முருகேசன், செக்கானூரணி

அக்கா, ஆதாரில் கைரேகை லாக் ஆகியிருக்கும். எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. ஆதார் ஆப்பில் போய் லாக்கை எடுத்துவிட்டால் விழும். இல்லாவிட்டால் ஆதார் மையத்துக்கு அழைத்துப் போய் ரேகையைப் புதுசா பதிந்துவிடுங்கள், அதற்கு முன்னாடி வேறு எதுவும் நடக்காது.

பாண்டியம்மாள், பேரையூர்

முதியோர் பென்ஷன் என்றால் விஏஓவிடம் சொன்னால் போதும்மா, அவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். எங்க மாமியாருக்கு அப்படித்தான் செய்தோம்.

செல்வி

பாண்டியம்மாக்கா, இது முதியோர் உதவித்தொகை இல்லை, அப்பாவுடைய ரயில்வே பென்ஷன். முருகேசன் தம்பி, கட்டிலை விட்டே இறக்க முடியாதவரை ஆதார் மையத்துக்கு எப்படிப்பா கொண்டுபோவேன்?

ராமநாதன், வில்லாபுரம் (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்)

செல்வி அம்மா, பதறாதீர்கள். முருகேசன் சொன்னதில் பாதி சரி. ரேகை லாக் ஆகியிருந்தால் 330 என்ற எண் வரும். உங்களுக்கு வந்தது 300, அதாவது வைத்த விரலும் ஆதாரில் இருக்கிற ரேகையும் பொருந்தவில்லை. தபால்காரர் சொன்னதுதான் காரணம். லாக்கைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. ரேகையைப் புதுப்பிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

விரலை விட்டுவிட்டு முகத்தை வைத்துச் செய்யுங்கள். 2021-லிருந்து இந்த வசதி இருக்கிறது. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் இரண்டு செயலி வேண்டும். ஒன்று AadhaarFaceRD. அதைத் திறந்து பார்க்க எதுவும் இருக்காது, பின்னால் இருந்து வேலை செய்யும். இன்னொன்று Jeevan Pramaan. இரண்டாவதைத் திறந்ததும் Operator Authentication என்று கேட்கும். இங்கேதான் பலர் அம்மாவின் ஆதாரைப் போட்டுக் குழம்புகிறார்கள். ஆபரேட்டர் என்பது போனைப் பிடித்திருப்பவர், அதாவது நீங்கள். உங்கள் ஆதார், உங்கள் போன் எண், உங்கள் முகம். அது ஒரு தடவை முடிந்துவிட்டால் அடுத்து Pensioner Authentication வரும். அங்கேதான் அம்மாவின் ஆதார் எண், பென்ஷன் புத்தகத்தில் இருக்கும் பிபிஓ எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம். கடைசியில் அம்மாவின் முகம்.

அம்மாவை உட்காரவைக்க வேண்டாம். தலைக்கு இரண்டு தலையணை வைத்து முகத்தை நிமிர்த்தினால் போதும். தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும், ஜன்னல் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். மெதுவாகக் கண் சிமிட்டச் சொல்லும். அதை வைத்துத்தான் இது போட்டோவா, உயிருள்ள ஆளா என்று பார்க்கிறது. இமை தொங்கியிருக்கிறது என்கிறீர்களே, விரலால் இமையைத் தூக்கிப் பிடிக்காதீர்கள், கை குறுக்கே வந்தால் எடுக்காது. அம்மா நன்றாகத் தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

இதோடு கூடவே வங்கிக் கிளை மேலாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வர முடியாத நோயாளி ஓய்வூதியரை வங்கி அலுவலரே வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ போய்ப் பார்த்துச் சான்று எடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் ஓய்வூதிய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். மனு இவ்வளவுதான்:

"என் தாயார் தங்கள் கிளையில் குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். பக்கவாதத்தால் படுக்கையில் இருப்பதால் நேரில் வர இயலாது. மருத்துவர் சான்று இணைத்துள்ளேன். தங்கள் அலுவலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி வாழ்நாள் சான்று பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்."

பிபிஓ எண், கணக்கு எண், வீட்டு முகவரி, அடையாளத்துக்குப் பக்கத்துக் கோயிலோ கடையோ எழுதுங்கள். மருத்துவர் சான்று அலுவலரை வரவழைக்கத்தான். அதுவே வாழ்நாள் சான்று ஆகிவிடாது.

கணேசன், திருப்பரங்குன்றம்

அய்யா, நான் மில்லில் வேலை பார்த்தவன், பிஎஃப் பென்ஷன். போன மார்ச்சில்தான் சான்று கொடுத்தேன். நவம்பர் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுப் பயந்து இப்போது மறுபடி கொடுக்கணுமா?

ராமநாதன், வில்லாபுரம்

வேண்டாம் கணேசன். பிஎஃப் பென்ஷனுக்கு நவம்பர் கணக்கு இல்லை, கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். அடுத்த மார்ச்சுக்குள் கொடுத்தால் சரி. மத்திய அரசு, ரயில்வே ஆட்களுக்குத்தான் நவம்பர். 80 வயது ஆனவர்களுக்கு அக்டோபர் 1-லேயே தொடங்கிவிடும். செல்வி அம்மா, அடுத்த வருடம் அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள், இந்த அலைச்சல் வராது.

தமிழ்ச்செல்வன், மேலூர்

தமிழக அரசில் ஓய்வு பெற்றவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். எங்களுக்குக் கருவூலத்தில் நேர்காணல். அது நவம்பரில் இல்லை, அவரவர் ஓய்வு பெற்ற மாதம். என் அம்மாவுக்கு அப்பா வகையில் ஒன்றும் சொந்தமாக ஒன்றுமாக இரண்டு பென்ஷன். ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டோம், அது நின்றுபோனது. ஒவ்வொரு பிபிஓவுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

செல்வி (நவம்பர் 22)

ராமநாதன் அய்யா, செய்துவிட்டேன்! முதல் நாள் சாயங்காலம் டியூப் லைட்டில் மூன்று தடவை முயன்றும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு அலுப்பு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பி, ஈரத்துணியால் முகம் துடைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்பாவின் வெள்ளை வேட்டியைப் பின்னால் கட்டினேன். "அம்மா, அப்பா பென்ஷனுக்கு, ஒருவாட்டி கண்ணைச் சிமிட்டும்மா" என்றதும் இடது கண்ணை நன்றாகவும் வலது கண்ணைப் பாதியாகவும் மூடித் திறந்தார். பச்சை வட்டம் வந்தது. Pramaan ID என்று ஒரு எண்ணும் குறுஞ்செய்தியில் வந்துவிட்டது. இனி வங்கிக்குப் போக வேண்டாம்தானே?

ராமநாதன், வில்லாபுரம்

அவசரப்படாதீர்கள் அம்மா, இன்னும் ஒரு படி இருக்கிறது. அந்த எண் வந்துவிட்டால் சான்று உருவாகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். பணம் கொடுக்கும் வங்கி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். jeevanpramaan.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டு நிலவரத்தைப் பாருங்கள். படிவத்தில் Type of Pension என்ற இடத்தில் என்ன தேர்ந்தெடுத்தீர்கள்?

செல்வி (நவம்பர் 25)

Service என்று போட்டுவிட்டேன் அய்யா. பிபிஓ புத்தகத்தில் அப்பா பெயர்தான் பெரிதாக இருந்தது, அதனால் அப்படி நினைத்துவிட்டேன். நீங்கள் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. இன்று நிராகரித்த செய்தி வந்திருக்கிறது.

ராமநாதன், வில்லாபுரம்

அதைத்தான் பயந்தேன். Family என்று போட வேண்டும். பென்ஷன் வாங்குவது இப்போது அம்மா, புத்தகத்தில் யார் பெயர் பெரிதாக இருந்தாலும். Disbursing Agency என்ற இடத்தில் கணக்கு இருக்கும் வங்கியே வர வேண்டும், இந்த இரண்டில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பழைய சான்றைத் திருத்த முடியாது, முழுதாகப் புதுசாகச் செய்யுங்கள். உங்கள் முகம் ஏற்கனவே பதிந்திருப்பதால் அம்மாவுடையது மட்டும் போதும். இன்னும் நாள் இருக்கிறது. ஒருவேளை தவறிப்போய் டிசம்பரில் நின்றாலும் சான்று ஏறியதும் நிலுவையோடு வந்துவிடும், பணம் எங்கும் போகாது.

அப்துல் காதர், வாடிப்பட்டி

அய்யா, எங்க அத்தா பார்க்கின்சன் நோயாளி. கண் சிமிட்டவே மாட்டார், முகம் அசையாது. முகம் எடுக்கிற வழி எங்களுக்குச் சரிப்படவில்லை. மனு கொடுத்து எட்டு நாள் ஆச்சு, யாரும் வரவில்லை.

ராமநாதன், வில்லாபுரம்

காதர் பாய், அவருக்குக் கண்ணின் கருவிழி வழியாகவும் செய்யலாம், அந்தக் கருவி வைத்திருக்கும் சேவை மையம் வீட்டுக்கு வருமா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வங்கியில் வாழ்நாள் சான்றுப் படிவம் வாங்கி, கெசட்டட் அதிகாரி ஒருவரை வீட்டுக்கு அழைத்து அத்தாவைப் பார்த்துக் கையெழுத்திட வைத்துக் கொடுக்கலாம். கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள், அதைத் தர வேண்டும் என்பதும் விதிதான். மனு கொடுத்த நகல் கையில் இருந்தால் அதையும் வைத்துக்கொண்டு மேலாளரை நேரில் பாருங்கள்.

அப்துல் காதர், வாடிப்பட்டி

முத்திரை வைத்த நகல் வாங்கவில்லையே அய்யா. நாளைக்கு இன்னொரு மனு கொடுத்து வாங்கிவிடுகிறேன். எங்க ஊரில் கெசட்டட் அதிகாரி யாரைப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

தமிழ்ச்செல்வன், மேலூர்

பாய், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டுப் பாருங்கள், எங்கள் தெருவில் ஒருவருக்கு அவர்தான் வந்து கையெழுத்திட்டார். படிவத்தை வங்கி ஏற்குமா என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

செல்வி (நவம்பர் 28)

இரண்டாவது தடவை காலை வெயிலில் ஒரே முயற்சியில் எடுத்துவிட்டது. Family என்று போட்டேன், வங்கிப் பெயரைப் பாஸ்புக்கை வைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். இன்று தளத்தில் ஏற்கப்பட்டது என்று காட்டுகிறது. மனு கொடுத்த கிளையிலிருந்தும் போன் வந்தது, வியாழக்கிழமை அலுவலர் வருகிறாராம். வர வேண்டாம் என்று சொல்லிவிடவா, வந்து பார்த்துவிட்டே போகட்டுமா அய்யா?

ராமநாதன், வில்லாபுரம்

வரட்டும் அம்மா. கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று, அம்மாவால் கையெழுத்துப் போட முடியாது என்பதால் பணம் எடுக்க இடது கைப் பெருவிரல் ரேகை பதிவு செய்ய வேண்டும். அதற்கு இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அலுவலர். அவர் வீட்டுக்கு வரும் நாளிலேயே அதையும் கேட்டுவிடுங்கள்.