அட்வான்ஸ் எவ்வளவு திரும்ப வரணும், கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன், கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கேஷ்லெஸ். 4 நாள் இருந்தோம், நேற்று டிஸ்சார்ஜ். சேரும்போது 40,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினோம். மொத்த பில் 1,24,000, இன்சூரன்ஸ் ஒப்புதல் 93,000. மீதி 31,000-ஐ அட்வான்ஸில் கழித்துக்கொண்டு 9,000 திருப்பித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து இறுதி ஒப்புதல் கடிதத்தைப் பார்த்தால் அந்த 31,000 மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கையுறை, டயப்பர் மாதிரி சாமான்களுக்கு 5,800, அது பாலிசியில் கிடையாது, சரி. ரூம் வாடகை வகையில் 15,200. பாலிசியில் நாளைக்கு 3,000 தான், நாங்கள் 4,000 ரூம் எடுத்துவிட்டோம், அதனால் வாடகை வித்தியாசம் 4,000 மட்டுமில்லாமல் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் சேர்ந்த 44,800-இலும் கால்வாசி, அதாவது 11,200, வெட்டிவிட்டார்கள். தப்பு எங்களுடையது தான், ரூம் எடுக்கும்போது யாரும் சொல்லவும் இல்லை.

ஆனால் மீதி 10,000-க்கு நேரே 'ஆஸ்பத்திரி தள்ளுபடி' என்று போட்டிருக்கிறது. அது ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒப்புக்கொண்ட கழிவு தானே, அதை எங்களிடம் எப்படி வாங்கலாம்? அப்படியென்றால் எங்கள் பங்கு 21,000, திரும்ப வரவேண்டியது 19,000.

பில்லிங்கில் கேட்டால் "கம்பெனி தராததை நீங்கள் தான் தரணும்" என்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது இப்படித் திரும்ப வாங்கியிருக்கிறீர்களா? கடித நகலோடு, கம்பெனிக்காக கிளெய்ம் பார்க்கும் டிபிஏவுக்கு மெயில் போட்டால் போதுமா, இல்லை ஆஸ்பத்திரிக்கு முதலில் எழுதிக் கொடுக்கணுமா?