கோட்டோரம் மினுங்கிற வெள்ளை: வாளியில பிழையோ, கோட்டில பிழையோ?

முறிகண்டிப் பெடியன்
ஏ9 றோட்டில பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டு சைக்கிள் ஓடிப் போற 8 செக்கன் காட்சி. ஒரு படம் இரண்டு பிரேமுக்கு நிக்கும், செக்கனுக்கு 24 பிரேம், எல்லாமா 96 படம். பென்சிலில கீறி, கிரிட்டாவில 1920×1080இல மை போட்டு, கீழ் லேயரில வாளியால நிறம் ஊத்தினன். ஓடவிட்டால் கோட்டோரம் முழுக்க வெள்ளையா மினுங்குது. பின்னால செம்மண் றோட்டை வைச்சால் வெள்ளைச் சட்டையில சிவப்புப் புள்ளிகளும் தெரியுது. என்ன செய்யலாம்?

பாலைப்பழம்
சின்ன விசயம் தம்பி. வாளியின்ர `Threshold`ஐக் கூட்டு. கோடு வரைக்கும் நிறம் போகும், வெள்ளை போயிடும். நான் அப்பிடித்தான் செய்யிறனான்.

கனகராயன்
அண்ணை சொல்லுறது அரைவாசி சரி. கோட்டின்ர ஓரத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. நடுவில கறுப்பு, அதுக்கு வெளியால கடும் சாம்பல், பிறகு இளஞ்சாம்பல், அதுக்குப் பிறகுதான் தாள். வாளி இளஞ்சாம்பலைக் கண்டதும் கோடு வந்திட்டுது எண்டு நிண்டிடும். அந்தச் சாம்பலுக்குக் கீழ நிறம் இல்லை, வெள்ளைதான் இருக்கு. அதுதான் மினுங்கிறது. ஒவ்வொரு படத்திலயும் வேற வேற இடத்தில விடுபடுறதால நிண்ட படத்தில கண்ணுக்குப் படாதது ஓடேக்க துடிக்குது.

`Threshold`ஐக் கூட்டினால் வாளி சாம்பலுக்குள்ளயும் போகும், உண்மை. ஆனா கை இலேசாப் பட்ட இடத்தில கோடு முழுக்கவே சாம்பல்தானே. அங்க அது வேலிப் பொட்டுக்குள்ளால போற நாய் மாதிரி மற்றப் பக்கம் போயிடும். கூட்டவேண்டியது `Grow`. ஊத்தின நிறம் அத்தனை பிக்சல் வெளியால விரிஞ்சு கோட்டுக்கு அடியில படுக்கும். தம்பி, உன்ர கோடு எத்தினை பிக்சல் தடிப்பு?

முறிகண்டிப் பெடியன்
உடம்புக்கு 4. தலைமயிர் நுனி, சட்டை மடிப்பு எல்லாம் 1, 2 எண்டு மெலியும்.

கனகராயன்
அப்ப `Grow` 2 வை. 4 பிக்சல் கோட்டின்ர நடுவரைக்கும் போய் நிக்கும். 4க்கு மேல வைச்சியெண்டால் மற்றப் பக்கம் எட்டிப் பார்க்கும். மெலிஞ்ச நுனியில 2உம் வெளியால வரும், அது கட்டாயம். உள்ளுக்கெண்டால் பிரச்சினை இல்லை, பாவாடை நிறம் சட்டைக்குள்ள ஒரு பிக்சல் போறதை ஆர் பார்க்கப்போறது. உருவத்தின்ர வெளிக்கோட்டில மட்டும் நுனியளை 3 பிக்சலுக்குக் குறையாமல் தடிப்பாக்கு.

இன்னொண்டு. செம்மண் றோட்டு லேயரைத் திறந்து வைச்சுக்கொண்டோ ஊத்தினனீ? எல்லா லேயரையும் பார்க்கிற மாதிரி வாளி இருந்தால் றோட்டில கிடக்கிற கல்லு, நிழல் எல்லாத்தையும் கோடெண்டு நினைச்சு நிக்கும். கோட்டு லேயருக்கு ஒரு நிற லேபிள் குத்திவிட்டு, வாளியை அந்த லேபிளை மட்டும் பார்க்கச் சொல்லு.

ஒட்டுசுட்டான் பானர்
நான் கோயில் திருவிழாவுக்கு பானர் அடிக்கிறனான். கீறின படத்தை வெக்டரா மாத்திப்போட்டு நிறம் குடுத்தால் எவ்வளவு பெரிசாக்கினாலும் வெள்ளை வராது. ஏன் இந்தக் கஸ்டம்?

கனகராயன்
உங்களுக்கு ஒரு படம் அண்ணை, இவனுக்கு 96. ஒவ்வொண்டையும் தனித்தனியா மாத்தினால் வளைவுகள் ஒவ்வொரு படத்திலயும் வேற மாதிரி விழும், கோடு நெளியும். பானருக்கு நல்லதுதான்.

வீரைமரம்
ஒரு விசயத்தை ஒருத்தரும் சொல்லேல்ல. ஓரம் மென்மையான கோட்டில ஊத்துறதே பிழை. ஒவ்வொரு பிக்சலும் ஒண்டில் கறுப்பா இருக்கோணும், இல்லாட்டி ஒண்டுமில்லாமல் இருக்கோணும். நான் 3840×2160இல, ஓரம் மழுங்காத தூரிகையால மை போடுவன். வாளியிலயும் ஓர மென்மையை நிப்பாட்டி, `Grow` 1. சாம்பலே இல்லாததால வாளிக்குக் குழப்பமில்லை. எல்லாம் முடிஞ்சபிறகு பாதியாச் சுருக்குவன். நாலு பிக்சல் ஒண்டாகேக்க ஓரம் தானா மென்மையாகும். அந்த மென்மை கறுப்பும் சட்டை நிறமும் கலந்தது, அதுக்குள்ள தாள் வெள்ளை இல்லை.

கனகராயன்
வேலைக்கு நல்ல முறை, மறுக்கேல்ல. ஆனா பென்சிலில அழுத்தி எடுத்த கோட்டின்ர உயிர் அதில செத்துப்போகும். மெல்ல மறையிற வால் எல்லாம் வெட்டின மாதிரி முடியும்.

வீரைமரம்
வால் மறையத் தேவையில்லை, மெலிஞ்சால் காணும். 2 பிக்சல் நுனி சுருங்கினால் 1. அதைத்தான் நீங்கள் உயிர் எண்டுறியள். உங்கட முறையில அதே உயிர் துடிக்குது, பெடியன் அதுக்குத்தானே வந்து கேக்கிறான்.

பாலைப்பழம்
நாலு மடங்கு பிக்சல்! என்ர 4 ஜிபி லேப்டொப்பில 20 படம் தாண்டினால் சுத்திக்கொண்டே நிக்கும். கரண்ட் போனால் கதை முடிஞ்சுது.

வீரைமரம்
காட்சியை நாலு கோப்பா உடையுங்கோ அண்ணை, ஒண்டில 24 படம். தம்பிக்கு நான் திருப்பிக் கீறச் சொல்லேல்ல. 96 படத்துக்கு மை போட்டு முடிஞ்சுது, `Grow` 2ஓட இதை முடிக்கட்டும். அடுத்ததுக்குச் சொல்லுறன்.

ஆனா சிவப்புப் புள்ளி வேற பிரச்சினை, அதை `Grow` முழுசாத் தீர்க்காது. பின்னல் தோளைக் கடக்கிற இடத்திலயும் கழுத்துப் பட்டியின்ர மூலையிலயும் கோடுகள் குறுக்கால போய்ச் சின்ன முக்கோணங்களை அடைச்சு வைக்கும். வாளியை வெளியால தட்டினால் அதுக்குள்ள போகாது. வெள்ளைத் தாளில வெள்ளைச் சட்டை, ஊத்தினதும் வெள்ளை, விட்டதும் வெள்ளை. எப்பிடித் தெரியும்? எல்லாத்துக்கும் அடியில கண் கூசிற பச்சை லேயர் ஒண்டை வை. விடுபட்டதெல்லாம் பச்சையாச் சிரிக்கும். சைக்கிள் சட்டத்தின்ர முக்கோணத்தில பச்சை தெரிஞ்சால் சரி, றோட்டுத் தெரியவேண்டிய இடம் அது. சில்லுக் கம்பிகளுக்கு இடையில ஒண்டும் ஊத்தாத.

கனகராயன்
அதோட சட்டைக்குத் தூய வெள்ளை வேண்டாம். `#EFEBE0` மாதிரி வை, சப்பாத்து மேசுக்கு அதிலயிருந்து ஒரு இலக்கம் தள்ளி வை. கண்ணுக்கு ஒண்டுதான். ஆனா பிறகு மேசு நிறத்தை மட்டும் மங்கலாக்கோணும் எண்டால் ஒவ்வொரு படத்திலயும் அதைத் தேர்ந்து ஒரே தட்டில மாத்தலாம். இரண்டும் ஒரே இலக்கமெண்டால் 96 படத்திலயும் கால் காலாத் தேடோணும். இதுக்கும் வாளியில ஓர மென்மையை நிப்பாட்டியிருக்கோணும், இல்லாட்டி ஓரத்தில கலப்பு நிறம் வந்து தேர்வில விடுபடும்.

வீரைமரம்
பாத்தியளே, மென்மை வேண்டாமெண்டு நீங்களும் வந்திட்டியள்.

கனகராயன்
நிறத்தில வேண்டாம். கோட்டில வேணும். அதில நான் அசையமாட்டன்.

முறிகண்டிப் பெடியன்
பச்சை வைச்சுப் பார்த்தன். 31ஆவது படத்தில மட்டும் பதினொரு புள்ளி, அதில ஒன்பது பின்னலுக்குக் கிட்ட. `Grow` 2ஓட அந்தப் படத்தைத் திருப்பி ஊத்த வெள்ளை ஓரம் போச்சு. பதினொரு புள்ளியில ஏழு தானா மூடிட்டுது, மிச்சம் நாலைத் தூரிகையால தொட்டன். ஒரு இடத்தில மட்டும், காத்தில பறக்கிற மயிர் நுனியில, கறுப்பு நிறம் வானத்துக்குள்ள ஒரு பிக்சல் போயிருக்கு. அதுவும் கறுப்புத்தான், விட்டிடலாமோ?

கனகராயன்
விடு. மயிர் எண்டு நினைப்பினம்.

வீரைமரம்
30, 31, 32ஐ ஓடவிட்டுப் பாத்திட்டு விடு. மூண்டிலயும் ஒரே பக்கம் போனால் மயிர், மாறி மாறிப் போனால் துடிக்கும்.