போட்டோவில் வந்த ஆய்லர் அட்டவணை: அந்த எண் 8-ஆ 3-ஆ, விடை ஏன் 0.25 தள்ளி நிற்கிறது?

டியூஷன் எடுப்பவர்

நியூமரிக்கல் மெத்தட்ஸ் பேப்பருக்கு டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் போட்ட கணக்கை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புவார்கள், நான் திருத்தித் திருப்பி அனுப்புவேன். போன வாரம் வந்த ஒரு பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன், இதுபோல் உங்களுக்கும் வந்திருந்தால் சொல்லுங்கள்.

கணக்கு வழக்கமானதுதான். y' = x + y, x = 0-ல் y = 1, படி 0.1, x = 1 வரை ஆய்லர் முறையில் போக வேண்டும். x-ஐயும் y-ஐயும் கூட்டினால் அந்த இடத்துச் சாய்வு, அதில் பத்தில் ஒரு பங்கை y-யோடு சேர்த்தால் அடுத்த வரி, அவ்வளவுதான். மாணவி நான்கு தசம இடம் வைத்துப் போட்டிருந்தாள். ஆனால் பக்கம் சாய்ந்து, பாதி நிழலில் இருந்தது, 0.4-க்கு எதிரே இருப்பது 1.5282-ஆ 1.5232-ஆ என்று எவ்வளவு பெரிதாக்கினாலும் பிடிபடவில்லை. என் கண்ணுக்கு 3 மாதிரித்தான் தெரிந்தது. சரி, 3 என்றே வைத்துக்கொண்டு அடுத்தடுத்த வரிகளின் வித்தியாசத்தையும், அந்த வித்தியாசங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையும் பக்கத்தில் எழுதினேன்.

```
x     y        வித்.1   வித்.2
0.2   1.2200   0.1200   0.0200
0.3   1.3620   0.1420   0.0220
0.4   1.5232   0.1612   0.0192
0.5   1.7210   0.1978   0.0366
0.6   1.9431   0.2221   0.0243
0.7   2.1974   0.2543   0.0322
```

கடைசிப் பத்தியைப் பாருங்கள். அது 0.0220, 0.0242, 0.0266, 0.0293 என்று சீராக ஏற வேண்டியது. இங்கே கடைசி இலக்கத்தில் எண்ணினால் முதலில் 50 குறைகிறது, அப்புறம் 100 கூடுகிறது, மறுபடி 50 குறைகிறது, அதோடு பழைய வழிக்கு வந்துவிடுகிறது. ஒரே ஒரு வரி மட்டும் தப்பாக இருந்தால்தான் இந்த வடிவம் வரும். அவள் உண்மையிலேயே 3 என்று எழுதி அதை வைத்தே மேலே போயிருந்தால் அடுத்த வரி 1.7155 ஆகியிருக்கும், வித்தியாசத்தில் 50 குறைந்து, 45 கூடி, உடனே அடங்கியிருக்கும். ஆக அவள் கணக்கு சரி, போட்டோதான் ஏமாற்றுகிறது.

இதுவரை தெளிவு. ஆனால் அவள் கீழே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: "எல்லா வரியும் சரின்னா கடைசியில 3.1874 வருது, சரியான விடை 3.4366. இவ்வளவு எப்படி மேடம் தள்ளிப்போச்சு?" இதற்கு நீங்கள் எப்படி விளக்குவீர்கள்?

மெக்கானிக்கல் இன்ஜினியர்

நான் வேலையில் அடிக்கடி பார்ப்பது இது. சரியான விடை 2eˣ − x − 1. அதில் x = 0.1 போட்டால் 1.1103, அவளுக்கு 1.1000. அப்படியென்றால் ஒரு படிக்கு 0.0103 போகிறது. பத்துப் படிக்கு 0.103. மிச்சம் 0.146 எங்கே போச்சு என்றால், நான்கு தசமத்தில் ஒவ்வொரு வரியிலும் வெட்டிக்கொண்டே வந்ததில் போயிருக்கும். எட்டு தசமம் வைத்துப் போடச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர்

தம்பி, முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை. எத்தனை தசமம் வைத்தாலும் இந்த அட்டவணை 3.18748 என்றுதான் முடியும். அந்தப் பெண்ணுக்கு 3.1874. ஆக வெட்டியதால் போனது கடைசி இலக்கத்தில் ஒன்றுகூட இல்லை. 0.146 அங்கே இல்லை.

இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, ஒவ்வொரு படியும் புதிதாகச் செய்யும் பிழை ஒரே அளவு அல்ல. வளைகோடு மேலே போகப் போக இன்னும் வேகமாக வளைகிறது. நாமோ படியின் தொடக்கத்தில் இருந்த சாய்வைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் போகிறோம். முதல் படியில் 0.0103 விட்டுப்போகிறது, கடைசிப் படியில் 0.0254 விட்டுப்போகிறது. இரண்டாவது, பழைய பிழை சும்மா கிடப்பதில்லை. இந்தச் சமன்பாட்டில் சாய்வுக்குள்ளேயே y இருக்கிறது, அதனால் y குறைவாக இருந்தால் சாய்வும் குறைவாகத்தான் கிடைக்கும். கையில் இருக்கும் பிழை ஒவ்வொரு படியிலும் 1.1 மடங்காகிறது. முதல் படியில் விட்ட 0.0103 மீதி ஒன்பது படி கடந்து வந்து சேரும்போது 0.0244 ஆகியிருக்கும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் படியின் பிழை சின்னது, ஆனால் வளர நேரம் அதிகம். கடைசிப் படியின் பிழை பெரியது, ஆனால் வளர நேரமே இல்லை. ஒன்று 0.0244, இன்னொன்று 0.0254. நடுவில் உள்ளவையும் இந்த இரண்டுக்கும் இடையில்தான். பத்துப் படியும் கடைசி விடையில் ஏறக்குறைய சமமாகப் பங்கு போடுகின்றன, மொத்தம் 0.249. வகுப்பில் இதை ஒவ்வொரு படியாகப் பிரித்து எழுதிக் காட்டினால் பிள்ளைகள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும், எனக்கு மிகப் பிடித்த இடம் அது. இப்படிப் பங்கு சமமாவது இந்தச் சமன்பாட்டின் குணம், எல்லாவற்றுக்கும் இப்படி வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்

எனக்கும் இதே பிரச்சினை வந்தது! கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆவதை ஆர்டுயினோவில் கணக்குப் போட்டுக் காட்டலாம் என்று எழுதினேன். டைம் கான்ஸ்டன்ட் 40 மில்லிசெகண்ட், 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒரு படி. 5 வோல்ட்டில் ஆரம்பித்தால் அடுத்து −7.5, அப்புறம் 11.25, அப்புறம் −16.875. டிஸ்சார்ஜ் ஆகிற கெப்பாசிட்டர் மைனசுக்குப் போய்த் திரும்பி வருகிறது, அதுவும் ஒவ்வொரு தடவையும் பெரிதாகி. பிழை சேர்ந்து சேர்ந்து இப்படி ஆகிறது என்று நினைத்து, நிறைய இலக்கம் தாங்கும் வேறு போர்டுக்கு மாற்றினேன், அப்போதும் இதே எண்கள்தான். பேராசிரியர் சொல்கிற 1.1 மாதிரிதானே இதுவும்?

ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர்

இல்லை, உங்களுடையது வேறு நோய். அந்தப் பெண்ணின் கணக்கில் உண்மையான விடையே வளர்கிறது, அதோடு பிழையும் வளர்கிறது, அது நியாயம். உங்கள் கணக்கில் உண்மையான விடை சுருங்குகிறது. ஒவ்வொரு படியிலும் நீங்கள் பெருக்குவது 1 − 100/40, அதாவது −1.5. அதனால்தான் குறி மாறி மாறி வந்து பெரிதாகிறது. போர்டை மாற்றிப் பயனில்லை, படியைத்தான் குறைக்க வேண்டும். 80 மில்லிசெகண்டுக்குக் கீழே வந்தால் ஊதுவது நிற்கும், 40-க்குக் கீழே வந்தால் குறி மாறுவதும் நிற்கும். 10 வைத்துப் பாருங்கள். பெருக்குவது 0.75 ஆகிவிடும், பழைய பிழையும் படிக்குப் படி சுருங்கும்.

எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்

10 வைத்தேன் சார், அழகாக இறங்குகிறது. நன்றி.

வங்கியில் வேலை, பழைய கணித மாணவர்

படியைக் குறைத்தால் எல்லாம் சரி என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். டீச்சரின் கணக்கையே எக்செலில் போட்டேன். படி 0.05 வைத்தால் 3.3066, அதாவது பிழை 0.130. படி 0.01 வைத்தால் 3.4096, பிழை 0.027. படி பாதியானால் பிழை ஏறக்குறைய பாதி, நன்றாகத்தான் போகிறது. அப்புறம் படி 0.0001, ஆனால் அந்த மாணவி மாதிரி ஒவ்வொரு வரியும் நான்கு தசமத்துக்குச் சுருக்கி. பத்தாயிரம் வரி. விடை 3.3333!

ஏன் என்று வரி வரியாகப் பார்த்தால் விஷயம் எளிது. ஒரு படியில் கூட்ட வேண்டியது 0.0001 பெருக்கல் சாய்வு. சாய்வு 1.2 என்றால் 0.00012, நான்கு தசமத்தில் அது 0.0001. சாய்வு 1.4 என்றாலும் 0.0001தான். அதாவது சாய்வையே முழு எண்ணாக்கிவிடுகிறோம். y ஒரு நேர்கோட்டில் போய், x = 0.25 தாண்டியதும் திடீரென்று சாய்வு 2 ஆகி, கொஞ்ச தூரம் கழித்து 3 ஆகி, அப்படி நான்கு துண்டுக் கோடாக முடிகிறது. பத்துப் படியில் வெட்டியது ஒன்றும் செய்யாத அதே நான்கு தசமம், பத்தாயிரம் படியில் 0.103-ஐத் தின்றுவிட்டது.

மெக்கானிக்கல் இன்ஜினியர்

ஆக வெட்டுவதால் போகும் என்று நான் சொன்னது முழுக்கத் தப்பில்லை, படி சின்னதானால்தான் அது தலை தூக்கும். சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். பாடத்தில் பிழைக்கு ஒரு உச்ச வரம்பு வருமே, அதில் இந்தக் கணக்கைப் போட்டால் 0.467 வருகிறது. உண்மையான பிழை 0.249. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்படி ஒரு வரம்பு எதற்கு?

ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர்

கடைசிப் புள்ளியில் உள்ள வளைவுதான் எல்லாப் படியிலும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போடும் வரம்பு அது, அதனால் பெரிதாக வரும். இதைத் தாண்டாது என்று மட்டும்தான் அது சொல்கிறது. நடைமுறையில் நான் நம்புவது வேறு. சரியான விடை தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். படி 0.1-ல் 3.1875, படி 0.05-ல் 3.3066. இரண்டுக்கும் இடையே 0.119. படியைப் பாதியாக்கினால் பிழையும் பாதியாகிறது என்றால் இன்னும் இதே அளவு பாக்கி இருக்கிறது. அதையும் கூட்டினால் 3.4257, உண்மை விடைக்கு 0.011 தூரத்தில் வந்துவிட்டோம். ஆய்லர் 1768-ல் எழுதிய முறைதான், இரண்டு தடவை ஓட்டினோம், அவ்வளவே.

வங்கியில் வேலை, பழைய கணித மாணவர்

இதிலும் ஒரு பிடி இருக்கிறது சார். இரண்டு அட்டவணையில் ஒன்றில் போட்டோ 8-ஐ 3 ஆக்கி, அதை யாராவது அப்படியே எடுத்து மேலே கணக்குப் போட்டால் அந்த 0.005 கடைசியில் 0.009 ஆகியிருக்கும். கூட்டும்போது அதுவும் சேர்ந்தே வரும், தனியாகத் தெரியாது.

டியூஷன் எடுப்பவர்

அதனால்தான் வித்தியாசப் பத்தியை முதலில் எழுதச் சொல்லப் போகிறேன். பத்துப் படியும் சமமாகப் பங்கு போடும் விஷயத்தை அவளுக்கு அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன் சார். அவள் திருப்பிக் கேட்டது: y' = x − y என்றால் பழைய பிழை 0.9 மடங்காகச் சுருங்குமே, அப்போது முதல் படியின் பங்கும் கடைசிப் படியின் பங்கும் சமமாகுமா ஆகாதா? நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. யாராவது எக்செலில் ஓட்டினால் படிவாரியாக எழுதுங்கள்.