4 கிலோ பெட்டிக்கு ஏன் 7.5 கிலோ காசு?

கேள்வி: வெளிநாட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மா கூரியரில் பொரித்த பலகாரம், பால் இனிப்பு, பொடி, ஊறுகாய் எல்லாம் அனுப்பப் போகிறார். தராசில் 4 கிலோதான், கூரியர்காரர் 7.5 கிலோவுக்குக் காசு கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை தம்பி. நான் பல வருடம் பார்சல் கட்டியவன். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணுக்கும் தராசு எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. பெட்டி அளவு என்ன?

கேள்வி கேட்டவர்: 40, 30, 30.

பதில்: 36,000. வகுத்தால் 7.2. அரை கிலோவுக்கு ஏற்றினால் 7.5. பொரித்த பலகாரம் எடை குறைவு, இடத்தை அடைத்துக்கொள்ளும். அதைப் பாதியாகக் குறைத்து, பொடியைக் கொஞ்சம் கூட்டி, சின்னப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டி 30, 25, 20 ஆனால் கணக்கு 3 கிலோதான். 4 கிலோ வைத்தால் 4 கிலோவுக்கே காசு.

இன்னொருவர்: வேக்குவம் பேக் பண்ணிவிட்டால் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். எங்களுக்குப் பால் இனிப்பு இரண்டு முறை வந்ததே.

பதில்: பொடிக்கும் பலகாரத்துக்கும் வேக்குவம் நல்லதுதான். காற்று பட்டால்தான் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆனால் பல நாடுகள் பால், இறைச்சிப் பொருட்களைத் தடுப்பது கெட்டுப்போகும் என்பதால் மட்டும் அல்ல, கோமாரி போன்ற கால்நடை நோய் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. உறை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அந்தத் தடை மாறாது. உங்களுக்கு வந்தது, சுங்கத்தில் பெட்டியைப் பிரிக்காததால் இருக்கும். பிரித்தால் அந்த ஒன்றுக்காக மற்றதும் நாள்கணக்கில் நிற்கும். ‘கிஃப்ட்’ என்று எழுதினாலும் உணவு விதி விலகாது.

வேறொருவர்: எனக்கு ஊறுகாயை விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டார்கள், 100 மில்லிக்கு மேல் என்று.

பதில்: அது கைப்பை விதி அக்கா, பார்சலுக்குப் பொருந்தாது. பார்சலில் ஊறுகாய்க்கு வேறு தொல்லை: எண்ணெய் கசிந்தால் அட்டை ஊறி, பெட்டி நடுவழியில் நின்றுவிடும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை டேப் சுற்றி, இரண்டு உறைக்குள் போட்டு, ஒரு இரவு தலைகீழாகக் காகிதத்தின் மேல் வையுங்கள். காலையில் காகிதத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் அனுப்பாதீர்கள்.

அப்புறம், பொரித்ததை நன்றாக ஆறவிட்டு அடையுங்கள். சூடாக அடைத்தால் ஆவி நீராகி நமத்துவிடும். பார்சலோடு தரும் பட்டியலில் ‘உணவு’ என்று மொத்தமாக எழுதாமல், ஒவ்வொன்றின் பெயரும் அது எதில் செய்தது என்பதும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, பால் இனிப்பை எடுத்துவிடச் சொல்கிறேன். பொடியில் கொஞ்சம் நெய் சேர்த்திருக்கிறார், அது?

பதில்: அது நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் இருக்கும் நாட்டின் சுங்கத் துறைத் தளத்தில் பாருங்கள், கூரியர்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். நானாக இருந்தால் நெய் இல்லாத பொடியாக அரைக்கச் சொல்வேன்.

இன்னொருவர்: எங்கள் பொடியில் நெய் இருந்தது, யாரும் கேட்கவில்லை.