மாத நட்சத்திரம்: 27 நாள் எண்ணினால் மூன்றாம் தடவை விசாகம் வருகிறதே?

குட்டி அம்மா: குழந்தைக்கு அனுஷம். முதல் பிறந்தநாள் வரை மாதாமாதம் அவள் நட்சத்திரத்தில் அர்ச்சனை செய்ய ஆசை. அனுஷம் வந்த ஒரு புதன்கிழமையிலிருந்து 27, 27 நாளாக எண்ணினேன். செவ்வாய், திங்கள் இரண்டும் சரியாக அமைந்தன. அடுத்த ஞாயிறுக்குக் காலண்டரில் "விசாகம் பகல் 12.13 வரை, பின்பு அனுஷம்" என்று போட்டிருக்கிறது. எண்ணியது தப்பா?

பாலு: மொத்தம் 27 நட்சத்திரம், அதனால 27 நாள்தான் சரி. காலண்டர்ல அச்சுப்பிழையா இருக்கும்.

ஸ்ரீரங்கவாசி: காலண்டர் சரிதான் பாலு. சந்திரன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப வர 27 நாளோடு ஏறக்குறைய 7 மணி 43 நிமிடமும் ஆகும். அதனால் அனுஷம் ஒவ்வொரு சுற்றிலும் அவ்வளவு நேரம் தள்ளித் தொடங்கும். அம்மா, உங்கள் கணக்கையே பாருங்கள். முதலில் செவ்வாய் மதியம் 1 மணிக்குத் தொடங்கியிருந்தால், அடுத்தது திங்கள் இரவு 8.45 வாக்கில். அதற்கடுத்தது திங்கள் விடியற்காலை 4.30. மூன்றாவது ஞாயிறு மதியம் 12 தாண்டி. ஞாயிறு சூரியன் உதிக்கும்போது விசாகம்தான் இருக்கும், திங்கள் உதயத்தில்தான் அனுஷம். அதனால் 27, 27, 28 என்று எண்ணுங்கள். அதுவும் உத்தேசம்தான். சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை, ஒரு நட்சத்திரம் 24 மணிக்குக் கூடவும் குறையவும் நிற்கும். வேகமாகப் போகும் நாட்களில் இரண்டு உதயத்துக்கு நடுவிலேயே தொடங்கி முடிந்துவிடுவதும் உண்டு. எண்ணிய தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.

திருவோணம் அப்பா: என் மகனுக்கு ஐப்பசி திருவோணம். ஒரே ஐப்பசியில் 2 தேதியும் திருவோணம், 29 தேதியும் திருவோணம் வருகிறது. எதில் பிறந்தநாள்?

ஸ்ரீரங்கவாசி: அது வருடப் பிறந்தநாள் சார். தமிழ் மாதம் 29 முதல் 32 நாள் வரை போவதால் இப்படி இரண்டு முறை விழும். பெரும்பாலும் பின்னால் வருவதைத்தான் எடுப்பார்கள். உங்கள் வீட்டு வாத்தியாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

குட்டி அம்மா: புரிந்தது அண்ணா. ஞாயிறு சாயங்காலம் அனுஷம் ஓடும்போதே அர்ச்சனை செய்யலாம் என்கிறார் கணவர். உதய நட்சத்திரம்தான் கணக்கு, திங்கள் காலை போ என்கிறார் மாமியார். போன் ஆப்பில் வேறு அனுஷம் 2.40க்குத்தான் தொடங்குகிறது.

ஸ்ரீரங்கவாசி: ஆப் பெரும்பாலும் திருக்கணிதம், உங்கள் காலண்டர் வாக்கியமாக இருக்கலாம். இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வருவது வழக்கம். கோவிலில் எந்தப் பஞ்சாங்கமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், மாதாமாதம் மாற்ற வேண்டாம். ஞாயிறா திங்களா என்பதில் எங்கள் வீட்டில் உதயம்தான்.

பாலு: எங்க ஊர்ல அர்ச்சனை நேரத்துல எந்த நட்சத்திரம் இருக்கோ அதான்.