பொருத்தம் எல்லைக்கோட்டில் நின்றபோது முடிவுரையை எப்படி எழுதினீர்கள்? (அனுபவப் பகிர்வு)

கார்முகில்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில், கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரியின் அட்டவணைக்குக் கீழே, “முன்மொழியப்பட்ட மாதிரி தரவுடன் நன்கு பொருந்துகிறது” என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். அட்டவணையில் சிஎஃப்ஐ 0.93, ஆர்எம்எஸ்இஏ 0.09. வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் அந்த வரியின் மேல் விரலை வைத்து, “எந்த இடத்தில் பொருந்துகிறது, எந்த இடத்தில் பொருந்தவில்லை என்பதை இந்த வரியிலிருந்து நான் எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் நானே அதைப் பார்த்திருக்கவில்லை.

அந்தத் தரவை இங்கே பகிர எனக்கு அனுமதி இல்லை. ஆனால் அதே நிலையில் நிற்கும் ஒரு தரவு எல்லோர் கையிலும் இருக்கிறது. 1939இல் ஹோல்சிங்கரும் ஸ்வைன்ஃபோர்டும் வெளியிட்ட அளவீடுகளில் ஒன்பது தேர்வுகள் லாவான் தொகுப்புடனேயே வருகின்றன. அமெரிக்காவின் இரண்டு பள்ளிகளில் ஏழாம், எட்டாம் வகுப்புகளில் படித்த 301 மாணவர்களின் மதிப்பெண்கள் அவை. முதல் மூன்று தேர்வுகள் காட்சித் திறனையும், அடுத்த மூன்று மொழித் திறனையும், கடைசி மூன்று வேகத்தையும் அளக்கின்றன என்பது வழக்கமான மாதிரி.

```
library(lavaan)
m <- '
  visual  =~ x1 + x2 + x3
  textual =~ x4 + x5 + x6
  speed   =~ x7 + x8 + x9'
f <- cfa(m, HolzingerSwineford1939)
summary(f, fit.measures = TRUE, standardized = TRUE)
residuals(f, type = "cor")
modindices(f, sort. = TRUE)
```

கை-வர்க்கம் 85.31, கட்டின்மைப் படி 24, பி மதிப்பு 0.001க்கும் குறைவு. சிஎஃப்ஐ 0.931, டிஎல்ஐ 0.896, எஸ்ஆர்எம்ஆர் 0.065. ஆர்எம்எஸ்இஏ 0.092, அதன் 90 விழுக்காட்டு இடைவெளி 0.071 முதல் 0.114 வரை. இந்த எண்கள் உங்களுக்குக் கிடைத்திருந்தால் முடிவுரையில் என்ன எழுதுவீர்கள், அல்லது முன்பு என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை

நான் தயங்காமல் “ஏற்கத்தக்க பொருத்தம்” என்று எழுதியிருப்பேன். சிஎஃப்ஐ 0.90ஐத் தாண்டிவிட்டது, எஸ்ஆர்எம்ஆர் 0.08க்குள் இருக்கிறது, கை-வர்க்கத்தைக் கட்டின்மைப் படியால் வகுத்தால் 3.55 வருகிறது, அது ஐந்துக்குக் கீழே. நான்கில் மூன்று தேறினால் போதும் என்றுதான் என் நெறியாளர் சொல்லிக்கொடுத்தார். இந்த எல்லைகள் சட்டம் அல்ல, வழிகாட்டிகள்தாம் என்று அவற்றை முன்மொழிந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? இரு கட்டுரைகளில் இப்படித்தான் எழுதினேன், மதிப்பீட்டாளர் எவரும் மறுக்கவில்லை.

அளவைநேசன்

எல்லைகள் சட்டம் அல்ல என்பதில் நண்பர் வைகைக்கரையுடன் முழுமையாக உடன்படுகிறேன், ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடு உடன்பட முடியவில்லை. சிஎஃப்ஐக்கு 0.95, ஆர்எம்எஸ்இஏக்கு 0.06, எஸ்ஆர்எம்ஆருக்கு 0.08 என்ற எண்கள் ஹூவும் பென்ட்லரும் 1999இல் நடத்திய பாவனைச் சோதனையிலிருந்து வந்தவை. அதில் மூன்று காரணிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து உருப்படிகள், சுமைகள் 0.70க்கும் 0.80க்கும் இடையில். நம் கையில் உள்ள தரவில் இரண்டாம் தேர்வான கனசதுரத் தேர்வின் சுமை 0.42தான். சுமைகள் வலுவிழந்தால் அதே அளவு பிழையுள்ள மாதிரிக்கும் ஆர்எம்எஸ்இஏ குறைந்து, பார்ப்பதற்கு நல்லதாகத் தோன்றும். ஆகவே எல்லையைத் தளர்த்தலாம் என்பதற்கு எவ்வளவு காரணம் உண்டோ, இறுக்க வேண்டும் என்பதற்கும் அவ்வளவு உண்டு. மூன்று தேறியது, ஒன்று தேறவில்லை என்று வாக்கெடுப்பு நடத்துவது இதற்குத் தீர்வு ஆகாது. தேறாத அந்த ஒன்றுதான் நமக்கு ஏதோ சொல்ல வருகிறது, எனவே அது காட்டும் இடத்தை நாம் தேடிப் போக வேண்டும்.

நான் பயிற்சிப் பட்டறைகளில் இதே தரவைத்தான் பயன்படுத்துகிறேன். எச்ச ஒட்டுறவுகளைத் திறந்து பாருங்கள். முதல் தேர்வான காட்சிப் புலனுணர்வுக்கும், நேர்கோட்டு எழுத்தையும் வளைவெழுத்தையும் வேகமாகப் பிரித்தறியும் ஒன்பதாம் தேர்வுக்கும் இடையில் மாதிரி எதிர்பார்க்கும் ஒட்டுறவு 0.24, உண்மையில் இருப்பது 0.39. கனசதுரத் தேர்வுக்கும் ஏழாம் தேர்வான வேகக் கூட்டலுக்கும் இடையில் மாதிரி 0.11 என்கிறது, தரவில் அது −0.08ஆகத் தலைகீழாக இருக்கிறது. மொழித் தேர்வுகள் மூன்றும் தங்களுக்குள் சிக்கலின்றி ஒத்துப்போகின்றன. அதாவது பொருந்தாமை மாதிரி முழுவதும் பரவிக் கிடக்கவில்லை, காட்சிக்கும் வேகத்துக்கும் நடுவே குவிந்திருக்கிறது. “ஏற்கத்தக்கது” என்ற ஒற்றைச் சொல் மறைப்பது இதைத்தான்.

தேன்சிட்டு

மன்னிக்கவும், என் ஐயம் சிறியது. என் மாதிரியில் வேலை நிறைவுக்கான ஆர்-வர்க்கம் 0.62 வந்திருக்கிறது, பாதைகள் அனைத்தும் புள்ளியியல் முக்கியத்துவம் உடையவை. அப்படியிருக்க, பொருத்தம் சற்றுக் குறைவு என்பதைப் பெரிதாகச் சொல்லத்தான் வேண்டுமா? 62 விழுக்காடு விளக்கப்பட்டுவிட்டது என்றால் மாதிரி சரி என்றுதானே பொருள்?

அளவைநேசன்

இல்லை அம்மா, அவை இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். உங்கள் மாதிரி சரி என்று வைத்துக்கொண்டால் வேலை நிறைவின் வேறுபாட்டில் எவ்வளவு விளக்கப்படுகிறது என்பதை ஆர்-வர்க்கம் சொல்கிறது. அப்படி வைத்துக்கொள்ளலாமா என்பதைத்தான் பொருத்தம் சோதிக்கிறது. தவறான இடத்தில் அம்பு வரைந்த மாதிரியிலும் ஆர்-வர்க்கம் உயர்ந்து வரும். பாதைகளின் முக்கியத்துவச் சோதனைக்கும் இது பொருந்தும், ஏனென்றால் திட்டப்பிழைகளும் மாதிரி சரி என்ற அனுமானத்தின் மேல்தான் கணிக்கப்படுகின்றன.

தேன்சிட்டு

அப்படியானால் என் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. நன்றி ஐயா.

கார்முகில்

அளவைநேசன் காட்டிய இடத்தில்தான் நான் அன்று தவறினேன். தேர்வுக்குப் பின் அவசரமாகத் திருத்தக் குறியீடுகளைப் பார்த்து, முதலில் வந்ததைச் சேர்த்து, “திருத்திய மாதிரி சிறப்பாகப் பொருந்துகிறது” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அது ஏன் தவறு என்பது இந்தத் தரவைக் கையாண்டபோதுதான் எனக்கு உறைத்தது.

இங்கே திருத்தக் குறியீட்டுப் பட்டியலின் தலையில் இரண்டு வரிகள் நிற்கின்றன. ஒன்பதாம் தேர்வு காட்சிக் காரணியின் மேலும் ஏறட்டும் என்பது முதல் வரி, அதன் மதிப்பு 36.4. வேகக் கூட்டலின் பிழையும் புள்ளி எண்ணும் தேர்வின் பிழையும் இணைந்து மாறட்டும் என்பது இரண்டாம் வரி, மதிப்பு 34.1. முதலாவதைச் சேர்த்தால் கை-வர்க்கம் 52.38 ஆகிறது, கட்டின்மைப் படி 23, சிஎஃப்ஐ 0.967, ஆர்எம்எஸ்இஏ 0.065. இரண்டாவதைத் தனியே சேர்த்தாலும் பொருத்தம் கிட்டத்தட்ட அதே அளவுக்கு உயர்கிறது. இரண்டுக்கும் நம்பத்தக்க கதை உண்டு. எழுத்தின் வடிவத்தைப் பிரித்தறியக் கண்ணும் வேண்டும் என்பது ஒன்று; கூட்டலும் எண்ணுதலும் எண்களோடு பழகும் திறனைப் பகிர்கின்றன என்பது மற்றொன்று.

ஆனால் இரண்டு கதைகளும் ஒரே முடிவுக்குக் கொண்டுபோவதில்லை. திருத்தப்படாத மாதிரியில் காட்சிக்கும் வேகத்துக்கும் உள்ள ஒட்டுறவு 0.47. முதல் திருத்தத்தில் அது ஏறத்தாழ 0.3க்கு இறங்குகிறது, இரண்டாவதில் 0.5ஐத் தாண்டி ஏறுகிறது. என் ஆய்வுக் கேள்வியே அந்த ஒட்டுறவைப் பற்றியது என்றால், எந்த வரியை முதலில் சொடுக்கினேன் என்பது என் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. மொழிக் காரணியின் சுமைகளோ எந்தத் திருத்தத்திலும் பெரிதாக அசைவதில்லை.

கடலோரம்

என் அனுபவம் வேறு விதமானது. நான்கே உருப்படிகள் கொண்ட ஒற்றைக் காரணி மாதிரி, 180 பேர், கட்டின்மைப் படி 2. கை-வர்க்கம் 6.36 வந்தது, ஆர்எம்எஸ்இஏ 0.11. நான் பயந்துபோய் ஓர் உருப்படியை நீக்கலாமா என்றுகூட யோசித்தேன். பிறகுதான் இடைவெளியைக் கவனித்தேன். கீழ்முனை சுழியை ஒட்டியும் மேல்முனை 0.2ஐத் தாண்டியும் இருந்தது. மிகச் சரியான மாதிரியும் மோசமான மாதிரியும் அந்த இடைவெளிக்குள் அடங்கும் என்பதால், அந்த எண் எனக்கு எதையும் சொல்லவில்லை. இதுவும் “எல்லைக்கோட்டுப் பொருத்தம்” தானா?

அளவைநேசன்

அதை அந்தப் பெயரால் அழைக்க மாட்டேன். கட்டின்மைப் படி இவ்வளவு குறைவாக இருந்தால் ஆர்எம்எஸ்இஏ சரியான மாதிரிக்கும் அடிக்கடி உயர்ந்து நிற்கும் என்று கென்னியும் உடனாய்வாளர்களும் 2015இல் காட்டினார்கள், அத்தகைய மாதிரிகளுக்கு அதைக் கணிக்கவே வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. நான் கணித்து, இடைவெளியோடு தந்து, எச்ச ஒட்டுறவுகள் ஆறையும் அட்டவணையாக இடுவேன். ஆறுதானே, இடம் பிடிக்காது. உருப்படியை நீக்கினால் கட்டின்மைப் படி சுழியாகி மாதிரி தானாகவே முழுமையாகப் பொருந்தும், அப்போது சோதிப்பதற்கே எதுவும் மிஞ்சாது.

கார்முகில் சொன்ன வழக்கில் கீழ்முனையே 0.071. அங்கே “தரவு போதவில்லை” என்ற புகலிடம் இல்லை, பொருந்தாமை உண்மையிலேயே இருக்கிறது. இந்த இரண்டு நிலைகளையும் ஒரே சொல்லால் எழுதக் கூடாது.

வைகைக்கரை

எச்சங்களைப் பார்த்தேன், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல். இரண்டு திருத்தங்களையும் அருகருகே தந்தால், “ஆசிரியர் ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்” என்று மதிப்பீட்டாளர் எழுதுகிறார். அப்போது என்ன செய்வது?

கார்முகில்

முன்கூட்டியே வகுத்த மாதிரியையே முதன்மையாக வைத்து, திருத்தங்களைத் தேடலின் விளைவு என்று பெயரிட்டே தருகிறேன். இப்போது நான் எழுதும் பத்தி இப்படி இருக்கும்:

“மூன்று காரணி மாதிரி தரவுடன் துல்லியமாகப் பொருந்துகிறது என்ற கருதுகோள் நிராகரிக்கப்பட்டது, தோராயப் பொருத்தம் குறியீட்டுக்குக் குறியீடு வேறுபடுகிறது, ஆர்எம்எஸ்இஏயின் இடைவெளி வழக்கமான எல்லைக்கு முற்றிலும் மேலே உள்ளது. பொருந்தாமை காட்சித் தேர்வுகளுக்கும் வேகத் தேர்வுகளுக்கும் இடையிலான ஒட்டுறவுகளில் குவிந்துள்ளது. தரவைப் பார்த்த பின் ஆராய்ந்த இரண்டு திருத்தங்கள் ஏறத்தாழச் சமமாகப் பொருத்தத்தை உயர்த்துகின்றன. அவற்றில் காட்சிக்கும் வேகத்துக்குமான ஒட்டுறவு எதிரெதிர்த் திசைகளில் மாறுவதால், அதன் அளவு பற்றி இந்த ஆய்வு முடிவு எதுவும் கூறவில்லை. மொழிக் காரணி பற்றிய முடிவுகள் மூன்று வடிவங்களிலும் மாறவில்லை.”

“ஆதரிக்கிறது”, “உறுதிப்படுத்துகிறது” என்ற சொற்களை மொழிக் காரணியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அளவைநேசன்

பத்தி எனக்கு நிறைவாக இருக்கிறது, ஒரு சொல்லைத் தவிர. “தோராயப் பொருத்தம்” என்பதையே நான் எடுத்துவிடுவேன். கை-வர்க்கச் சோதனை நிராகரித்த பின் அந்தத் தொடர் வாசகருக்குத் தேவையற்ற ஆறுதலைத் தருகிறது. இதில் பலர் என்னோடு உடன்பட மாட்டார்கள் என்று அறிவேன்.

கார்முகில்

நானும் உடன்படவில்லை. 301 பேரில் நிராகரிக்கப்படும் ஒவ்வொரு மாதிரியும் பயனற்றது ஆகிவிடாது. எவ்வளவு விலகல் என்பதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும்.

வைகைக்கரை

இன்னொரு வழியும் தோன்றுகிறது. மாணவர்கள் ஒரு பள்ளியில் 156 பேர், மற்றதில் 145 பேர். ஒரு பள்ளியில் திருத்தத்தைத் தேடி மற்றதில் சரிபார்த்தால் இரண்டு கதைகளில் ஒன்று விழுமா? பள்ளிகளே தம்முள் வேறுபடலாம், எண்ணிக்கையும் பாதியாகிறது என்பது தெரிகிறது. ஆனாலும் இந்த வார இறுதியில் ஓட்டிப் பார்த்து, எச்சங்களோடு இங்கே இடுகிறேன்.